கனத்த படமும் பழைய கணினியும்

புதிய கமராவினாலே எடுத்த படத்தைப் பழைய கணினியிலே இட்டுத் தொகுக்க முற்படுவோர்க்கு முதலில் நேரும் இடர் ஒன்றுண்டு. படம் ஓடாது, தத்தித் தத்தி நடக்கும். ஒலி முன்னே செல்ல, உருவம் பின்னே தங்கிவிடும். ஓடுகின்ற படத்தை நிறுத்துவதற்கு விசையை அழுத்தினால், இரண்டு செக்கன் கழிந்த பின்னரே அது நிற்கும். அதுவும் நினைத்த இடத்திலே நில்லாது. இதனைக் கண்டவர், கணினி மூப்படைந்துவிட்டது, புதியதொன்று வாங்குவதைத் தவிர வேறு வழியில்லை என்று முடிவு கட்டிவிடுவர். அம்முடிவு பல வேளைகளில் அவசரப்பட்டதாகும். பதிலிக் கோப்பு என்னும் முறையை அறிந்தவர், அதே கணினியைக் கொண்டு அதே படத்தைத் தங்குதடையின்றித் தொகுத்து முடிப்பர்.

படம் சீராக ஓடவேண்டும் என்பது வெறும் வசதி பற்றிய ஆசையன்று. படத்தொகுப்பு என்பது காலத்தை அளந்து வெட்டும் தொழில். ஒரு செக்கனுக்கு 25 படச்சட்டங்கள் ஓடுகின்ற படத்திலே, ஒருவர் தலை திரும்பும் கணத்தில் வெட்டுவதா, அதற்கு ஐந்து சட்டங்கள் முன்னே வெட்டுவதா என்பதைக் கண்ணும் காதுமே தீர்மானிக்கின்றன. அந்த ஐந்து சட்டங்களின் காலம் ஒரு செக்கனில் ஐந்திலொரு பங்கு மாத்திரமே. கணினியோ 25 சட்டங்களுள் 15ஐ விழுங்கிவிட்டுப் பத்தையே காட்டுகின்றது என்றால், தொகுப்பவர் எதனைப் பார்த்துத் தீர்மானிப்பது? அவர் காணாத சட்டங்களின் மேல் அவருடைய வெட்டு விழுகின்றது. முடிந்த படத்தை வேறொரு கணினியில் ஓட்டிப் பார்க்கும்பொழுதுதான், பேச்சின் கடைசி அசை அறுந்துபோயிருப்பதும், ஓர் அசைவு இரு முறை நிகழ்வதும் தெரியவரும். ஆகவே, சீரான ஓட்டம் இல்லாத இடத்திலே செம்மையான தொகுப்பு இல்லை.

இனி, இத்தடுமாற்றத்தின் காரணம் யாது? கோப்பு மிகப் பெரிதாக இருப்பதே காரணம் என்று பலரும் எண்ணுவர். கணக்கிட்டுப் பார்த்தால் அவ்வெண்ணம் தவறென்பது புலப்படும். 4கே எனப்படும் படத்திலே ஒரு சட்டத்தின் அகலம் 3840 புள்ளிகள். உயரம் 2160 புள்ளிகள். இத்தகைய படத்தை எச்.265 என்னும் சுருக்கு முறையிலே பதியும் கமரா ஒன்று, செக்கனுக்கு 100 மெகாபிற் வீதம் எழுதுவதாகக் கொள்வோம். எட்டுப் பிற் சேர்ந்தது ஒரு பைற்று. எனவே செக்கனுக்கு 12.5 மெகாபைற்றே வன்தட்டிலிருந்து படிக்கப்படவேண்டும். சுழல்கின்ற பழைய வன்தட்டுக்கூட, தொடர்ந்து படிக்கும்பொழுது செக்கனுக்கு ஏறக்குறைய 100 மெகாபைற்றைத் தரவல்லது. தேவைக்கு எட்டு மடங்கு கிடைக்கும்போது, நெரிசல் வன்தட்டிலே இல்லை என்பது தெளிவு. நெரிசல் அடுத்த வாயிலிலே இருக்கின்றது. சுருக்கி மடித்து வைத்த படத்தை விரித்துக் காட்டுகின்ற வேலையிலேதான் கணினி திணறுகின்றது.

அந்த வேலை எத்தகையது என்பதை ஒரு கணக்கேட்டின் மூலம் விளங்கிக்கொள்ளலாம். கடைக் கணக்கு எழுதுபவர் முதல் வரியிலே ஆளின் பெயர், ஊர், பொருள், விலை யாவற்றையும் முழுமையாக எழுதுவார். அடுத்தடுத்த வரிகளிலே மாறாதவற்றுக்கெல்லாம் ‘மேற்படி’ என்று இட்டு, மாறியதை மட்டும் எழுதிச் செல்வார். ஏட்டிலே இடம் மிச்சப்படும். ஆனால், இருபதாம் வரி யாரைப் பற்றியது என்று அறிய விரும்புபவர், ‘மேற்படி’களைப் பற்றிக்கொண்டு மேலே ஏறி, முழுமையாக எழுதப்பட்ட வரியைக் கண்ட பின்னரே பொருளை அறிய முடியும்.

எச்.264, எச்.265 ஆகிய முறைகள் இவ்வண்ணமே படத்தை எழுதுகின்றன. இடையிடையே ஒரு சட்டம் மாத்திரம் முழுமையாக எழுதப்படும். ஏனைய சட்டங்களிலே, முன்னைய சட்டத்திலிருந்து எது எவ்வளவு நகர்ந்தது, எது மாறியது என்பனவே எழுதப்படும். சில சட்டங்கள் முன்னே உள்ளதை மட்டுமன்றிப் பின்னே வரப்போவதையும் சார்ந்து நிற்கும். இதனாலேயே ஒரு மணித்தியாலப் படம் 45 கிகாபைற்றுக்குள் அடங்குகின்றது. அந்தச் சிக்கனத்துக்குரிய விலையை விரிப்பவர் செலுத்துகின்றார்.

இன்றைய கைத்தொலைபேசியும் தொலைக்காட்சிப் பெட்டியும் இத்தகைய படங்களை எளிதிலே காட்டுகின்றனவே என்று நேயர்கள் கேட்கலாம். அவற்றிலே இந்த விரிப்பு வேலைக்கென்றே தனிச் சுற்று ஒன்று அமைந்திருக்கின்றது. எச்.265 நியமமாக வெளிவந்தது 2013ஆம் ஆண்டிலே. அவ்வாண்டளவிலே விற்பனைக்கு வந்த கணினிகளின் செயலிகளில் அதற்கான தனிச் சுற்று இல்லை. ஆகையால் விரிக்கும் கணக்கு முழுவதையும் பொதுச் செயலியே போட்டாக வேண்டும். மேலும், பார்ப்பவரின் தேவை வேறு, தொகுப்பவரின் தேவை வேறு. பார்ப்பவர் தொடக்கத்திலிருந்து இறுதிவரை ஒரே திசையிலே செல்கின்றார். தொகுப்பவரோ முன்னும் பின்னும் தாவுகின்றார். 25 சட்டங்களுக்கு ஒன்றே முழுமையாக எழுதப்பட்ட கோப்பிலே 24ஆவது சட்டத்துக்குத் தாவினால், அதன் முன்னுள்ளவற்றையும் பெரும்பாலும் விரித்தே அதனை அடைய வேண்டும். செக்கனுக்குப் பத்துச் சட்டங்களை விரிக்கும் கணினிக்கு இந்த ஒரு தாவலுக்கு ஏறக்குறைய இரண்டரைச் செக்கன் செல்லும். விசையை அழுத்திய பின் படம் தாமதித்து நிற்பதன் மருமம் இதுவே.

நோய் இன்னதென்று துணிந்த பின்னரே மருந்து கொடுத்தல் முறை. எஃப்எஃப்எம்பெக் என்னும் இலவசக் கருவியைக் கொண்டு இதனைச் சோதிக்கலாம். கமராக் கோப்பின் பெயர் A001.MOV என்று கொண்டால், கட்டளை இவ்வாறு அமையும்:

```
ffmpeg -i A001.MOV -t 60 -an -f null -
```

கோப்பின் முதல் 60 செக்கன் படத்தை விரிப்பதும், விரித்ததை எங்கும் எழுதாமல் விட்டுவிடுவதும் இக்கட்டளையின் வேலை. ஆகவே, இதிலே அளக்கப்படுவது விரிக்கும் வேகம் ஒன்றே. ஈற்றிலே speed என்னும் சொல்லை அடுத்து ஓர் எண் தோன்றும். அது 1 ஆயின், கணினி படத்தின் வேகத்துக்குச் சரியாக ஈடுகொடுக்கின்றது என்று பொருள். 0.4 ஆயின், 25 சட்டங்களுக்குப் பதிலாகப் பத்தே விரிகின்றன. 1க்குக் குறைந்த எண் தோன்றினால் பதிலிக் கோப்பு இன்றியமையாதது. 1க்குச் சற்றே மேலே நின்றாலும் அது போதாது. இரண்டு படங்கள் ஒன்றன்மேல் ஒன்று கலந்து மறையும் இடத்திலே இரண்டையும் ஒருங்கே விரிக்க வேண்டுமன்றோ? மாறாக, எண் 3 அல்லது 4 என வந்தும் படம் தடுமாறுமாயின், குறை வேறிடத்திலே உள்ளது. வன்தட்டு பழுதுபட்டிருக்கலாம், நினைவகம் போதாமலிருக்கலாம், தொகுப்பிலே சேர்த்த ஒளி, நிற மாற்றங்கள் பாரமாயிருக்கலாம். அவற்றுள் முதலிரண்டு குறைகளுக்கும் பதிலிக் கோப்பு மருந்தாகாது.

பதிலிக் கோப்பு என்பது, மூலக் கோப்புக்குப் பதிலாகத் தொகுப்பு மேசையிலே நிற்கும் எளிய படி. தொகுப்பவர் பதிலியைப் பார்த்து வெட்டுகின்றார், ஒட்டுகின்றார். கருவியோ ‘இன்ன கோப்பிலே இத்தனையாவது சட்டத்திலிருந்து இத்தனையாவது சட்டம்வரை’ என்று குறித்து வைக்கின்றது. இறுதியிலே படத்தை எழுதும் நேரம் வரும்போது, அதே குறிப்புகளைக் கொண்டு மூலக் கோப்புகளிலிருந்து சட்டங்களை எடுத்து எழுதுகின்றது. பதிலியின் உருவம் முடிந்த படத்திலே ஒரு புள்ளியளவும் இடம்பெறுவதில்லை.

இம்முறை கணினியோடு பிறந்ததன்று. பிலிமிலே படம் எடுத்த காலத்திலும் மூல நெகட்டிவ்வைத் தொகுப்பாளர் தொடுவதில்லை. அதிலிருந்து ஒரு வேலைப் பிரதி எடுத்து, அதனையே அவர் வெட்டியும் ஒட்டியும் பார்ப்பார். கீறல் விழுந்தாலும், பத்து முறை ஒட்டுப் போட்டாலும் கேடில்லை. 35 மில்லிமீற்றர் பிலிமின் ஓரத்திலே ஒவ்வோர் அடிக்கும், அதாவது 16 சட்டங்களுக்கு ஒரு முறை, ஓர் எண் பொறிக்கப்பட்டிருக்கும். நெகட்டிவ்விலே உள்ள அந்த எண் வேலைப் பிரதியிலும் பதிந்து வரும். தொகுப்பு முடிந்ததும், நெகட்டிவ் வெட்டுபவர் அந்த எண்களை ஒத்துப் பார்த்து மூலத்தை ஒரே முறை வெட்டுவார். ஓரத்து எண் பிழைத்தால் வெட்டும் பிழைக்கும். வெட்டிய நெகட்டிவ்வை மீட்க வழியில்லை. பதிலிக் கோப்பிலும் ஆதாரம் அதுவே: மூலத்தின் நூறாவது சட்டமும் பதிலியின் நூறாவது சட்டமும் ஒரே கணத்துக்குரியனவாக இருத்தல் வேண்டும்.

நல்ல பதிலிக்கு வேண்டிய இலக்கணங்கள் இரண்டு. முதலாவது, உருவம் சிறுத்திருத்தல். 3840க்கு 2160 என்னும் அளவை அகலத்திலும் உயரத்திலும் நாலிலொன்றாக்கினால் 960க்கு 540 ஆகும். பக்கங்கள் நாலிலொன்றாகச் சுருங்க, புள்ளிகளின் தொகை பதினாறில் ஒன்றாகின்றது. 82 இலட்சத்து 94 ஆயிரத்து 400 புள்ளிகளைக் கணக்கிட்ட இடத்திலே 5 இலட்சத்து 18 ஆயிரத்து 400ஐக் கணக்கிட்டாற் போதும். முகபாவமும் கையசைவும் அறிவதற்கு இவ்வளவு உருவம் தாராளமாகப் போதுமானது.

இரண்டாவது இலக்கணமே பலராலும் தவறவிடப்படுவது. பதிலியின் ஒவ்வொரு சட்டமும் தன்னளவிலே முழுமையாக எழுதப்பட்டிருத்தல் வேண்டும், ‘மேற்படி’ இருத்தலாகாது. மோஷன் ஜேபெக், டிஎன்எக்ஸ்எச்ஆர், புரோரெஸ் ஆகிய முறைகள் இவ்வாறு எழுதுவன. இவற்றாலே கோப்பு சற்றுப் பருக்கும். அப்பருமனைக் கண்டு அஞ்சி, சிறிய கோப்பே சிறந்ததென்று எண்ணி, பதிலியையும் எச்.264 முறையிலே நீண்ட இடைவெளியோடு எழுதிக்கொள்வோர் உண்டு. அத்தகைய பதிலி நேராக ஓடும்போது நன்றாகவே ஓடும். ஆனால், சுட்டியைப் பிடித்துப் பின்னோக்கி இழுத்தவுடன் பழைய திணறல் மீண்டும் தலைகாட்டும். முன்னோக்கி இனிதாக ஓடி, பின்னோக்கி இழுத்தால் மட்டும் திக்குகின்ற பதிலியைக் கண்டால், ‘மேற்படி’ அதற்குள்ளும் புகுந்துவிட்டது என்று அறியலாம். வன்தட்டிலே இடம் மலிவு. செயலியின் நேரமே அரிது.

இனி ஓர் எடுத்துக்காட்டை முற்றாகப் பார்ப்போம். ஒருவரிடம் 2013ஆம் ஆண்டளவிலே வாங்கிய கணினி ஒன்று உள்ளது. நாலு கருக்கள் கொண்ட செயலி, 8 கிகாபைற்று நினைவகம், சுழலும் வன்தட்டு. பாடசாலை நாடகம் ஒன்றை அவர் 4கே அளவிலே 24 துண்டுகளாகப் படமெடுத்திருக்கின்றார். மொத்தம் 60 நிமிடம்; 45 கிகாபைற்று. அதிலிருந்து 12 நிமிடப் படம் ஒன்றைத் தொகுத்தெடுக்க வேண்டும். மேற்கூறிய சோதனையிலே அவருக்குக் கிடைத்த எண் 0.4.

அவர் கையாள்வது கேடன்லைவ் என்னும் இலவசத் தொகுப்புக் கருவி. அவர் முதலிலே 24 துண்டுகளையும் ஒரே அடைவிலே வைத்து, வேறொரு வன்தட்டிலும் ஒரு படி எடுத்துக்கொள்கின்றார். பின்னர்க் கருவியைத் திறந்து, செக்கனுக்கு 25 சட்டங்கள் என்று படத்தின் வேகத்தைக் குறித்து, Project Settings என்னும் சாளரத்திலே Proxy என்னும் பக்கத்துக்குச் செல்கின்றார். அங்கே பதிலி முறையை இயங்கச் செய்து, பதிலியின் அகலம் 960 என்றும், எழுதும் முறை மோஷன் ஜேபெக் என்றும் தெரிவுசெய்கின்றார்.

உடனே எல்லாவற்றையும் செய்யத் தொடங்குதல் விவேகமன்று. ஒரு நிமிட நீளமுள்ள ஒரு துண்டை மட்டும் எடுத்து, அதன்மேல் வலப்பக்கச் சொடுக்கு இட்டு, Proxy Clip என்பதைத் தெரிந்து, கடிகாரத்தைப் பார்க்கின்றார். பதிலி உருவாக இரண்டரை நிமிடம் செல்கின்றது. இது வியப்பன்று, ஒரு நிமிடத்திலே 1,500 சட்டங்கள், செக்கனுக்குப் பத்து விரிந்தால் 150 செக்கன். உருவான பதிலியின் பருமன் 90 மெகாபைற்று என்று கொள்வோம். இவ்விரு எண்களே முழு வேலைக்கும் திட்டம் வகுத்துத் தருகின்றன. 60 நிமிடத்துக்கு இரண்டரை மணித்தியாலமும் 5.4 கிகாபைற்று இடமும் வேண்டும். இரவுணவுக்குப் பின் வேலையைத் தொடக்கிவிட்டு உறங்கச் சென்றால், நள்ளிரவுக்குள்ளே அது முடிந்துவிடும்.

இங்கேதான் இம்முறையின் உட்பொருள் விளங்குகின்றது. பதிலி, கணினியின் கடும் வேலையை இல்லாமற் செய்துவிடவில்லை. அந்த வேலையை ஒரே முறை, முன்கூட்டியே, ஆளில்லாத நேரத்திலே செய்வித்துவிடுகின்றது. பதிலி இல்லாதபோது, ஒரே துண்டை நாற்பது முறை பார்த்தால் நாற்பது முறையும் அதே விரிப்பு வேலை நடைபெறும்; அதுவும் மனிதர் காத்திருக்கும் நேரத்திலே.

காலையிலே அவர் திரும்பி வந்து பார்க்கும்பொழுது, துண்டுகளின் பட்டியலிலே பதிலி பெற்ற ஒவ்வொன்றின் மேலும் P என்னும் எழுத்து காணப்படும். எழுத்தில்லாத துண்டு ஒன்றிருந்தால், அதன் பதிலி உருவாகவில்லை. தொகுப்பின் நடுவிலே ஓரிடம் மட்டும் திடீரெனத் தத்தளிப்பதற்கு இதுவே வழக்கமான காரணமாதலால், 24 எழுத்துகளையும் எண்ணிப் பார்த்தல் நலம். அதன்பின் ஐந்தாறு துண்டுகளை வரிசையாக வைத்து இரண்டு நிமிடம் ஓட்டி, பின்னோக்கியும் இழுத்துப் பார்க்கவேண்டும். இரு திசையிலும் தடையின்றி ஓடினால், தொகுப்பைத் தொடங்கலாம்.

பதிலியும் மூலமும் ஒத்திருத்தல் வேண்டும் என்று மேலே கூறப்பட்டது. அந்த ஒப்பு குலைவது பெரும்பாலும் கைத்தொலைபேசியிலே எடுத்த படங்களினாலேதான். கமரா செக்கனுக்கு 25 என்றால் 25 சட்டங்களை ஒழுங்காகப் பதியும். கைத்தொலைபேசிகளுட் பலவோ, வெளிச்சம் குறைந்தால் 22 பதியும். கூடினால் 30 பதியும். சட்டங்களின் இடைவெளி கணத்துக்குக் கணம் வேறுபடும். இதிலிருந்து பதிலி எடுக்கும் கருவி சட்டங்களை ஒரே சீராக்கி எழுதிவிட்டால், பதிலியின் ஐந்நூறாவது சட்டமும் மூலத்தின் ஐந்நூறாவது சட்டமும் வெவ்வேறு கணங்களுக்குரியனவாகிவிடும். பதிலியிலே வாயும் பேச்சும் பொருந்தியிருக்க, முடிந்த படத்திலே பொருந்தாமற் போவது இதன் அறிகுறி. துண்டின் தொடக்கத்திலே பொருத்தம் சரியாயிருந்து, செல்லச் செல்ல விலகுமாயின் ஐயமே வேண்டா. இதற்குப் பரிகாரம், அக்கோப்பை முதலிலே உயர் தரத்தில் ஒரே வேகமுள்ள கோப்பாக மாற்றி, அதனையே மூலமாகக் கொண்டு, அதிலிருந்து பதிலி எடுப்பதாகும். வேகம் மாறுகின்ற கோப்பை இட்டால், கேடன்லைவ் அதனைக் கண்டு, மாற்றித் தரட்டுமா என்று தானே வினவும். அவ்வினாவுக்கு இணங்குதல் தகும்.

பதிலியைப் பார்த்துத் தீர்மானிக்கத்தக்கவையும் உண்டு, தகாதவையும் உண்டு. எங்கே வெட்டுவது, எதன்பின் எதனை வைப்பது, எவ்வளவு நேரம் நிறுத்துவது, ஒலியை எங்கே எழுப்புவது ஆகியவற்றையெல்லாம் பதிலியிலே தீர்மானிக்கலாம். ஆனால், ஒரு முகம் கூர்மையாகப் பதிந்துள்ளதா, சற்றே மங்கியுள்ளதா என்பதைப் பதிலி சொல்லாது. பதினாறில் ஒன்றாகச் சுருங்கிய படத்திலே மங்கலும் கூர்மையாகவே தோன்றும். இருண்ட மேடையிலே மணல் தூவினாற்போன்று எழும் புள்ளிக் குழப்பமும் அதிலே மறைந்துவிடும். ஒரே காட்சிக்கு இரண்டு துண்டுகள் இருந்து, அவற்றுள் சிறந்ததைத் தெரியவேண்டிய இடத்திலே, பதிலியை விலக்கி மூலத்தை நிறுத்திப் பார்த்தே தெரியவேண்டும். நின்ற சட்டத்தைக் காட்டுவதற்குப் பழைய கணினியும் சளைக்காது. நிறத்தைச் செம்மை செய்வதற்கும், ஆடிய படத்தை நிலைப்படுத்துவதற்கும் அவ்வாறே மூலமே வேண்டும்.

இம்முறையின் எல்லையையும் குறிப்பிடவேண்டும். பதிலி, படத்தை விரிக்கும் பாரத்தையே குறைக்கின்றது. ஒரு துண்டின்மேல் நிற மாற்றம், அதன்மேல் மங்கல், அதன்மேல் நகரும் எழுத்து என்று அடுக்கிக்கொண்டே போனால், அவற்றின் கணக்கையும் செயலி அந்தக் கணமே போட்டாக வேண்டும். உருவம் சிறிதாயிருப்பதனாலே அப்பாரமும் ஓரளவு குறையுமேனும், முற்றும் நீங்காது. ஆதலால் வெட்டும் வேலை முழுவதையும் முதலிலே முடித்து, அலங்காரங்களை அதன்பின் சேர்ப்பதே பழைய கணினிக்கு ஏற்ற ஒழுங்கு.

கடைசிப் படி, முடிந்த படத்தை எழுதுவது. கேடன்லைவ் வேறு கட்டளை இல்லாதபோது மூலக் கோப்புகளிலிருந்தே எழுதும். பதிலிகளிலிருந்து விரைவாக எழுதித் தரும் ஒரு தெரிவும் அதிலே உண்டு. நண்பர் ஒருவருக்கு முன்னோட்டமாக அனுப்புவதற்கு அது பயன்படும். அத்தெரிவை ஒருநாள் இட்டுவிட்டு, எடுக்க மறந்து இறுதிப் படத்தை எழுதினால், 960 புள்ளி அகலமுள்ள படம் 3840க்கு இழுத்து விரிக்கப்பட்டு வெளிவரும். கோப்பின் விவரத்தைப் பார்த்தால் 4கே என்றே இருக்கும். குற்றம் வெளியே தெரியாது. ஆகையால், எழுதி முடிந்ததும் படத்தை முழு அளவிலே நிறுத்தி, தலைமயிரையும் துணியின் நெய்தலையும் பின்திரையிலே உள்ள சிறிய எழுத்துகளையும் மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். மயிரிழைகள் தனித்தனியே தெரியாமல் ஒன்றாகக் குழைந்திருந்தால், பதிலி உள்ளே புகுந்துவிட்டது.

இந்த இறுதி எழுத்து வேலையிலே விரைவை எதிர்பார்த்தலாகாது. நம் எடுத்துக்காட்டிலே 12 நிமிடப் படத்துக்கு 18,000 சட்டங்கள். மூலத்தை விரித்து, மறுபடியும் சுருக்கி எழுதும் பழைய கணினி செக்கனுக்கு மூன்று சட்டங்களை முடிப்பதாகக் கொண்டால், 6,000 செக்கன், அதாவது ஒரு மணித்தியாலமும் 40 நிமிடமும் செல்லும். பதிலி இந்த நேரத்திலே ஒரு செக்கனையேனும் குறைத்துத் தராது. புதிய கணினி வாங்குபவர் பெறும் உண்மையான இலாபம் இங்கேயுள்ளது. நாள்தோறும் பல படங்களை எழுதிக் கொடுக்கவேண்டிய தொழிலாளிக்கு அவ்விலாபம் பெரிது. மாதத்துக்கு ஒரு படம் தொகுப்பவருக்கோ, உறங்கும் நேரத்திலே கணினி சற்றுக் கூடுதலாக உழைப்பது ஒரு பொருட்டன்று.

வேலை முடிந்தபின் எதனை வைத்திருப்பது, எதனை அழிப்பது என்பதும் அறியத்தக்கது. பதிலிகளை எப்பொழுதும் அழிக்கலாம். வேண்டும்போது மூலத்திலிருந்து மீண்டும் செய்துகொள்ளலாம். மூலத்தை அழித்துவிட்டுப் பதிலியை வைத்திருப்பவருக்கு அவ்வாறு மீளும் வழி இல்லை. வன்தட்டு நிறைந்துவிட்டதென்று அவசரப்படும்பொழுது, 45 கிகாபைற்று அடைவே முதலிலே கண்ணிற் படும். படம் சீராகத்தானே ஓடுகின்றது, பாரமான கோப்புகள் இனி எதற்கு என்று மனம் சொல்லும். அது சீராக ஓடுவது பதிலியினாலே. அது படமாக வெளிவருவது மூலத்தினாலே. இவ்வேறுபாட்டை நினைவிற் கொண்டு, மூலக் கோப்புகளை இரண்டு இடங்களிலே காத்து வைப்பவர், பத்தாண்டுப் பழமையான கணினியிலிருந்தும் கமரா கண்ட கூர்மை குன்றாத படத்தைப் பெறுவர்.